பழைய வீட்டு மராமத்து: சனிக்கிழமைக் கணக்கில் என்ன கேட்பது, எப்போது திட்டத்தை மாற்றுவது?

மெய்யம்மை_பள்ளத்தூர்

எல்லோருக்கும் வணக்கம். பள்ளத்தூரில் எங்கள் ஐயா காலத்து வீட்டை மூன்று பங்காளிகள் சேர்ந்து மராமத்து செய்கிறோம். வைகாசியில் தொடங்கியது. தை மாதம் அந்த வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறோம். இரண்டாம் கட்டு ஓட்டைப் பிரித்து, ஓட்டைத் தாங்குகிற கைமரங்களில் உளுத்துப்போனதை மாற்றி, மறுபடி வேய வேண்டும். முற்றத்தைச் சுற்றியிருக்கிற வளவில் நாலு பத்திக்கும் சுண்ணாம்புப் பூச்சு. முகப்புத் தரைக்கு ஆத்தங்குடிக் கல். இவைதான் பெரிய வேலைகள், ஒயரிங் தனி.

நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன். வெள்ளி ராத்திரி ஊருக்கு வந்து ஞாயிறு திரும்பிவிடுவேன். திட்டம் எழுத்தில் இருக்கிறது, எந்த வாரம் எந்த வேலை என்று மேஸ்திரியோடு உட்கார்ந்து போட்டதுதான். ஆனால் சனிக்கிழமை கேட்டால் "ஓடிக்கிட்டிருக்கு ஆச்சி, பூச்சு முக்கால்வாசி முடிஞ்சிருச்சு" என்கிறார். அடுத்த வாரம் கேட்டாலும் அதே முக்கால்வாசி. அவர் பொய் சொல்கிறவர் இல்லை, வேலையும் சுத்தம். எனக்குத்தான் நாம் எங்கே நிற்கிறோம் என்று பிடிபடவில்லை.

சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். அதில் என்ன கேட்டு எதை எழுதி வைக்க வேண்டும்? பிந்தியது தெரிந்தால் எப்போது பொறுத்துக்கொள்வது, எப்போது திட்டத்தையே மாற்றுவது? கட்டட வேலை நடத்தியவர்கள் சொல்லுங்கள்.

கணேஷ்_கோட்டையூர்

ஆச்சி, ரொம்ப சிம்பிள். எக்செல்லில் மொத்த எஸ்டிமேட்டைப் போடுங்க. வாராவாரம் செலவானதைக் கூட்டுங்க. காலத்தில் 30 சதவீதம் போயிருக்கு, பணத்தில் 30 சதவீதம் போயிருக்குன்னா சரியா போயிட்டிருக்குன்னு அர்த்தம். பணம் அதிகமா போனா கையைப் பிடிங்க, குறைவா போனா ஆளை முடுக்குங்க. நாங்க கடை கட்டும்போது இதை வச்சுத்தான் ஓட்டினோம்.

சிகப்பி_காரைக்குடி

பூச்சு முக்கால்வாசியிலேயே நிற்குதுன்னா சுண்ணாம்பு சரியில்லைன்னு நினைக்கிறேன் மெய்யு. எத்தனை நாள் ஊற வச்சாங்கன்னு கேளு. கடுக்காய்த் தண்ணி, கருப்பட்டி எல்லாம் சேர்க்கிறாங்களா? எங்க வீட்டில் முதல் கை காயாமலே ரெண்டாம் கை போட்டு, பொங்கலுக்குள்ள பாளம் பாளமா வெடிச்சுது. கட்டைவிரலால் அமுக்கினால் பள்ளம் விழக்கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழணும், அப்பத்தான் அடுத்த கை.

ராமநாதன்_தேவகோட்டை

மெய்யம்மை ஆச்சி கேட்டது கலவையைப் பற்றி இல்லை. ஆனால் சிகப்பி ஆச்சி சொன்ன விரல் சோதனை பின்னால் வேண்டியிருக்கும், மறந்துவிடாதீர்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் சைட்டில் இருந்தவன் நான். முதலில் கணேஷ் தம்பிக்கு. பணத்தைப் பார்ப்பது அவசியம்தான், ஆனால் பணம் போன வேகம் வேலை நடந்த வேகம் ஆகாது. கைமரத்துக்குத் தேக்கு இறக்கிய அன்றே பெரிய தொகை போய்விடும், கூரையில் ஓர் ஓடுகூட அசைந்திருக்காது. சுண்ணாம்புப் பூச்சில் நேர்மாறு: பொருள் மலிவு, காத்திருப்புதான் நீளம். பணத்தை மட்டும் பார்த்தால் முதல் மாதம் முந்துவது போலவும் மூன்றாம் மாதம் திடீரென்று பிந்தியது போலவும் தெரியும்.

"முக்கால்வாசி" என்ற பேச்சை இந்த வாரத்தோடு நிறுத்துங்கள். வாரத் தொடக்கத்தில் வேலையைச் சின்னச் சின்ன வாக்காக எழுத வேண்டும். "வளவுப் பூச்சு" என்று எழுதினால் அது வாக்கு இல்லை. "வளவு வடக்குப் பத்தி, முதல் கை, வியாழன் சாயங்காலத்துக்குள்" என்று எழுதினால் வாக்கு. சனிக்கிழமை அதற்கு இரண்டே பதில்: முடிந்தது, முடியவில்லை. தொண்ணூறு பங்கு முடிந்திருந்தாலும் முடியவில்லை என்றுதான் எழுத வேண்டும். கல்நெஞ்சு போலத் தோன்றும். ஆனால் மிச்சப் பத்துப் பங்கு நிற்கிற வரைக்கும் சாரம் அங்கேயே நிற்கும், அடுத்த ஆள் அந்தச் சுவரைத் தொட முடியாது.

சொன்னது எத்தனை, முடிந்தது எத்தனை என்று எண்ணுங்கள். கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவெலும் 1990களில் 'லாஸ்ட் பிளானர்' என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள், அதன் அடிப்படை இந்த எண்ணிக்கைதான். அவர்கள் பார்த்த பெரிய பெரிய வேலைகளிலேயே வாரத் திட்டத்தில் சொன்னதில் ஏறத்தாழப் பாதிதான் அந்த வாரத்தில் முடிந்தது. அதனால் முதல் வாரம் பாதி வந்தால் மேஸ்திரியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊர் உலகத்தில் நடப்பது அதுதான்.

எண்ணிக்கையைவிட முக்கியம், முடியாத ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதுகிற காரணம். "ஆள் வரலை" என்பது காரணத்தின் வாசல்படி. ஏன் வரவில்லை, அதற்கு முன்னால் எது நடக்கவில்லை என்று உள்ளே போய்க் கேளுங்கள். கையை வைத்து மாற்றக்கூடிய ஓர் இடம் கிடைக்கும்வரை கேட்கலாம், அதற்கு மேல் தோண்ட வேண்டாம்.

பாண்டி_மேஸ்திரி மகன்

ஐயா சொல்றது சரி. ஆனா எங்க பக்கத்துல இருந்தும் ஒண்ணு சொல்லணும். சனிக்கிழமை சம்பளம் போடுற நாள். கையில கவரை வச்சுக்கிட்டு ஏன் முடிக்கலன்னு கேட்டா எந்தக் கொத்தனாரும் உண்மையான காரணம் சொல்ல மாட்டார். "அடுத்த வாரம் முடிச்சிரலாம்"னுதான் வரும். எங்கப்பாவும் அப்படித்தான் சொல்லுவார். சம்பளத்துக்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. சம்பளத்தை மதியமே கொடுத்து முடிச்சிட்டு, டீ சாப்பிட்டு, அப்புறம் உட்காருங்க. இல்லைன்னா வெள்ளிக்கிழமையே போன்ல பேசிருங்க.

இன்னொண்ணு. வீட்டுக்காரங்க செய்ய வேண்டியதும் அதே தாள்ல இருக்கணும். கல் டிசைன் சொல்றது, மர மில்லுக்கு அட்வான்ஸ் கட்டுறது, ரூமுக்குள்ள இருக்கிற பழைய சாமானைக் காலி பண்ணிக் கொடுக்கிறது எல்லாமே வேலைதான். அது நின்னா எங்க வேலையும் நிக்கும், ஆனா கணக்குல மேஸ்திரி பேர்தான் வரும்.

மெய்யம்மை_பள்ளத்தூர்

பாண்டி தம்பி, நீங்கள் சொன்னபடியே சம்பளத்தை முன்னால் முடித்துவிட்டு, வளவுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். மேஸ்திரி முதலில் தயங்கினார். எங்கள் பேரும் தாளில் இருப்பதைப் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிட்டார். இந்த வாரத் தாள் இது:

முகப்பு இடது சுவர் பழைய பூச்சு கொத்தி எடுப்பது: முடிந்தது.
வளவு வடக்குப் பத்தி முதல் கை: முடிந்தது.
வளவு கிழக்குப் பத்தி முதல் கை: முடியவில்லை.
முற்றத்துத் தூம்பு அடைப்பு எடுப்பது: முடிந்தது.
அடுப்படி ஒயரிங் காடி வெட்டுவது: முடிந்தது.
சாமி அறைச் சுவர் ஓதம் பார்த்துக் கொத்துவது: முடிந்தது.
இரண்டாம் கட்டு மேற்குச் சரிவு, கைமரம் மாற்றுவது: முடியவில்லை.
முகப்புக்கு ஆத்தங்குடிக் கல் டிசைன் முடிவு (பங்காளிகள் மூவரும்): முடியவில்லை.

எட்டில் ஐந்து. கிழக்குப் பத்திக்குக் காரணம், சலித்த சுண்ணாம்பு தீர்ந்துபோனது. கல் டிசைனுக்குக் காரணம், சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பா வீட்டில் இன்னும் பதில் வரவில்லை. கைமரம்தான் நீண்ட கதை. ஆசாரி வரவில்லை. ஏன் என்றால் மரம் வரவில்லை. மரம் ஏன் வரவில்லை என்றால் மில்லில் நீளமும் எண்ணிக்கையும் கேட்டார்கள், யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், சுவருக்குள் சொருகியிருக்கிற கைமர நுனிகளில் எத்தனை உளுத்திருக்கிறது என்று ஓட்டை எடுத்தால்தான் தெரியும். ஓட்டை எடுக்க ஆசாரி வரட்டும் என்று காத்திருக்கிறார்கள்!

ராமநாதன்_தேவகோட்டை

அருமையான தாள் ஆச்சி. ஒன்று கவனியுங்கள், முடியாத மூன்றில் ஒன்றுகூடச் சோம்பலால் வந்ததில்லை. மூன்றுமே அந்த வேலைக்கு முன்னால் தயாராக இருக்க வேண்டிய ஏதோ ஒன்று தயாராகாமல் நின்றது. "ஆளை முடுக்குங்க" என்ற வைத்தியம் இங்கே வேலை செய்யாது.

இப்போது எதை மாற்றுவது. மூன்றுக்கும் மூன்று மாற்றம் செய்யாதீர்கள். சுண்ணாம்பு தீர்ந்தது முதல் தடவை, மேஸ்திரியே பார்த்துக்கொள்வார். இரண்டாம் வாரமும் அதே காரணம் எழுதினால் அப்போது கை வையுங்கள். கூரை அப்படி இல்லை. காரணம் வட்டமாகச் சுற்றிக்கொண்டு நிற்கிறது, தானாக அவிழாது. அதோடு அது மழையோடு கட்டிய வேலை.

திங்கட்கிழமை இரண்டு சித்தாளை வைத்து, மேற்குச் சரிவில் மட்டும் இல்லாமல் நாலு சரிவிலும் சுவரோரம் இரண்டு வரிசை ஓட்டை எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கைமர நுனியையும் ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பார்த்து, உள்ளே இறங்குகிறதில் சுண்ணாம்பால் குறி போட்டு, நீளம் அளந்து ஒரே பட்டியலாக மில்லுக்குக் கொடுங்கள். எடுத்த இடத்தில் தார்ப்பாய். ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை வரும், தார்ப்பாயைக் கட்டாமல் விடக் கூடாது. இதற்கு ஆசாரி தேவையே இல்லை.

அடுத்தது, எட்டில் ஐந்து என்பது சொன்ன சொல் எவ்வளவு நிற்கிறது என்பதைத்தான் காட்டும். கல்யாணத்துக்குள் வீடு முடியுமா என்பதை அது காட்டாது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். வடகிழக்கு மழை ஏறத்தாழ அக்டோபர் மூன்றாம் வாரம் பிடிக்கும், அதாவது ஐப்பசி தொடக்கம். உங்கள் திட்டத்தில் கூரை என்றைக்கு மூடுகிறது?

மெய்யம்மை_பள்ளத்தூர்

புரட்டாசி முதல் வாரத்தில்.

ராமநாதன்_தேவகோட்டை

அப்படியானால் நாலு வார இடைவெளியோடு தொடங்கினீர்கள். அந்த நாலைத் தாளின் தலைப்பில் எழுதுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் இன்றைய நிலவரத்தில் கூரை எப்போது மூடும் என்று கேட்டு, அந்த எண்ணைத் திருத்துங்கள். கைமரம் ஒரு வாரம் தள்ளியதால் இந்த வாரம் அது மூன்று. மூன்று இருக்கும்வரை நின்று பார்க்கலாம். இரண்டைத் தொட்டால் பேச்சை நிறுத்திவிட்டுத் திட்டத்தை மாற்றியே ஆக வேண்டும். அந்த எல்லையை இன்றைக்கே, மனசு அமைதியாக இருக்கும்போது முடிவு செய்து எழுதி வையுங்கள். எல்லை வந்த பிறகு "இன்னும் ஒரு வாரம் பார்ப்போமே" என்றுதான் எல்லோருக்கும் தோன்றும்.

கணேஷ்_கோட்டையூர்

பணம் பத்தி ஐயா சொன்னது புரிஞ்சுது. அப்ப எட்டுக்கு ஏழு முடிச்சா அந்த வாரம் எல்லாருக்கும் ஐநூறு ரூபா கூடன்னு சொல்லிடலாமே? எண்ணிக்கை தானா ஏறும்.

பாண்டி_மேஸ்திரி மகன்

ஏறும் அண்ணே. தூம்பு சுத்தம் பண்றது, மண்ணை அள்ளிப் போடுறதுன்னு எட்டு எழுதி எட்டும் முடிச்சிருவோம். கூரை அங்கேயே கிடக்கும்.

ராமநாதன்_தேவகோட்டை

பாண்டி சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுதான் உண்டு. அந்த எண்ணிக்கையை யாருக்கும் பரிசும் ஆக்கக் கூடாது, தண்டனையும் ஆக்கக் கூடாது. ஆக்கிய அன்றிலிருந்து ஜனங்கள் எளிதாக முடிகிறதை மட்டும்தான் வாக்காகக் கொடுப்பார்கள். எட்டில் எட்டு மூன்று வாரம் தொடர்ந்து வந்து, மழைக்கான இடைவெளி மட்டும் குறைந்துகொண்டே போனால், தாளில் தப்பான வேலைகளை எழுதுகிறார்கள் என்று அர்த்தம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இது கண்ணில் படும்.

சுந்தரி_குரூப்4

நான் கட்டட வேலை ஆள் இல்லை, காரைக்குடியில் ரூம் எடுத்துத் தங்கிக் குரூப் 4க்குப் படிக்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு என் வாரத் திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். "பத்தாம் வகுப்பு அறிவியல் படிக்கணும்" என்றுதான் எழுதியிருக்கிறேன், முக்கால்வாசி கதைதான். ஆனால் எனக்கு மேஸ்திரியும் இல்லை, ஆசாரியும் இல்லை. காரணம் எழுதினால் எல்லாமே "நான் படிக்கலை" என்றுதான் வருகிறது. இதில் எப்படி உள்ளே போவது?

ராமநாதன்_தேவகோட்டை

எனக்குப் பரீட்சை விஷயம் தெரியாதம்மா, அதனால் தைரியமாகச் சொல்ல மாட்டேன். "படிக்கணும்" என்பதை "இந்தப் பாடத்தில் பழைய கேள்வி இருபதைப் புத்தகம் பார்க்காமல் போட்டுப் பார்ப்பது" என்று மாற்றினால் முடிந்ததா இல்லையா என்று தெரியும். காரணத்துக்கு, "படிக்கலை" என்பதோடு நிற்காமல், எந்த நாள், எந்த வேளை, அப்போது பக்கத்தில் என்ன இருந்தது என்று எழுதிப் பாருங்கள். அதே வேளை இரண்டு வாரம் தவறினால் மாற்ற வேண்டியது அந்த வேளையை.

மெய்யம்மை_பள்ளத்தூர்

சில வாரம் கழித்து எழுதுகிறேன். நாலு சரிவிலும் ஓட்டை எடுத்துக் குத்திப் பார்த்தோம். மேற்குச் சரிவுதான் மோசம் என்று எல்லோரும் நினைத்திருந்தோம், தெற்குச் சரிவில்தான் கரையான் உள்ளே ஓடியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மரம் கல் போல இருக்கிறது, ஸ்க்ரூட்ரைவர் பிடிவரை இறங்கியது. பட்டியல் ஒரே தடவையாக மில்லுக்குப் போனது, மரம் இறங்கிவிட்டது.

ஆனாலும் இடைவெளி போன சனிக்கிழமை இரண்டைத் தொட்டது. தெற்குச் சரிவில் எதிர்பார்த்ததைவிட வேலை கூடியதுதான் காரணம். எல்லையை முன்பே எழுதி வைத்திருந்ததால் வாதம் இல்லை, நேராக என்ன மாற்றுவது என்ற பேச்சுக்கே போனோம். மேஸ்திரி பூச்சுக்கு இன்னும் நாலு ஆள் போடலாம் என்றார். அதற்குத்தான் சிகப்பி ஆச்சியின் கட்டைவிரல் உதவியது. ஒவ்வொரு கையும் இறுகுகிற வரை காத்திருக்கிற வேலையில் நாலு ஆள் கூடினால் சுவர் சீக்கிரம் இறுகிவிடாது. ஓடு இறக்கி, பழைய கைமரத்தைக் கழற்றி, ஓட்டைக் கழுவி அடுக்குவதற்கு ஆள் கூடினால் வேகம் கூடும். அந்த நாலு பேரைக் கூரைக்கு அனுப்பினோம். வளவு மேற்குப் பத்திப் பூச்சைக் கார்த்திகைக்குத் தள்ளினோம். அது உள்சுவர், மழை நேரே படாது.

தாளில் இன்னொன்றும் சேர்த்திருக்கிறேன். அடுத்த ஐந்து வாரத்தில் தொடங்க வேண்டிய வேலைகளைப் பின்பக்கம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன தயாராக வேண்டும், யார் பொறுப்பு என்று கேட்கிறோம். சனிக்கிழமை ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் இப்போது பின்பக்கத்துக்குத்தான் போகிறது. நடந்ததைப் பேசுவது கால் மணியில் முடிந்துவிடுகிறது.

சிகப்பி_காரைக்குடி

மேற்குப் பத்தியைக் கார்த்திகைக்குத் தள்ளினது எனக்குச் சரியாப் படலை மெய்யு. அடைமழையில் காத்து முழுக்க ஈரம், சுண்ணாம்பு இறுக ரொம்ப நாள் எடுக்கும். தைக்குள்ள மெருகுக் கை வரைக்கும் வருமா?

ராமநாதன்_தேவகோட்டை

சிகப்பி ஆச்சி கேட்பது நியாயமான கேள்வி. நானாக இருந்தால் இந்த மாதமே முதல் கையை மட்டும் போட்டு வைத்திருப்பேன், இரண்டு ஆள் போதும். மெருகு கல்யாணத்துக்குள் வராவிட்டால் அந்தப் பத்திக்கு இப்போதைக்கு வெள்ளை மட்டும் அடித்துவிட்டுப் பங்குனியில் மெருகு போடலாம். வேலையைக் குறைப்பதும் ஒரு மாற்றம்தான், நம் ஆட்கள் அதைக் கடைசிவரை வாயில் எடுக்க மாட்டார்கள். பங்குனிக்குத் தள்ளுவதானால் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்கள் காரைக்குடிப் பக்கம் என்றால் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கப் போய்விடுவார்கள். அதை இன்றைக்கே பின்பக்கத்தில் எழுதிவிடலாம்.

பாண்டி_மேஸ்திரி மகன்

அரைகுறையா வெள்ளை அடிச்சுட்டுத் திரும்பச் சுரண்டிப் போடுறதுக்கு எங்கப்பா ஒத்துக்க மாட்டார் ஐயா. ரெட்டை வேலை, சுவருக்கும் நல்லதில்லைன்னு சொல்லுவார்.

ராமநாதன்_தேவகோட்டை

சுண்ணாம்பிலேயே வெள்ளை அடித்தால் பெயிண்ட் அளவுக்குச் சுரண்ட வேண்டி வராது தம்பி. பெயிண்ட் அடித்தால் அப்பா சொல்வது கட்டாயம் வரும். ஆனாலும் மெய்யம்மை ஆச்சி மேஸ்திரியிடம் கேட்டே முடிவு செய்யட்டும், சுவர் அவர் கண் முன்னால் இருக்கிறது.

மெய்யம்மை_பள்ளத்தூர்

இந்தச் சனிக்கிழமை இதை முதல் பேச்சாக வைக்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் அவிழவில்லை. ஆத்தங்குடிக் கல் டிசைன் "முடியவில்லை" என்று நாலாவது வாரமாக எழுதுகிறேன், காரணமும் அதேதான். கையால் வார்த்து, தண்ணீரில் ஊறப் போட்டு, காய வைத்துத் தருகிற கல், கேட்ட மறுநாள் கிடைக்காது. ஒரே காரணம் இரண்டு வாரம் வந்தால் கை வைக்க வேண்டும் என்றீர்கள் ராமநாதன் அண்ணே. பங்காளிகள் மூவரில் ஒருவர் பதில் சொல்லாவிட்டால் எங்கே கை வைப்பது? மற்ற இருவரும் முடிவு செய்தால் நாளைக்கு அந்தத் தரையைப் பார்த்துப் பார்த்து மனத்தாங்கல் வரும். இப்படி ஒரு தேதி வைத்து, அதற்குள் பதில் வராவிட்டால் பழைய டிசைனையே போடுவது என்று எழுதிக் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வீட்டில் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

கணேஷ்_கோட்டையூர்

நாங்க தேதி வச்சோம் ஆச்சி. கல் நேரத்துக்கு வந்துது. பெரியப்பா வீட்டில் ஒரு வருஷம் பேசலை.

சிகப்பி_காரைக்குடி

தேதி வைக்கிறதுக்கு முன்னால உங்க சித்திக்கு ஒரு போன் போடு மெய்யு. மூணு டிசைனை அனுப்பாதே, ரெண்டு மட்டும் அனுப்பு.